படத்தைத் திறக்காமல் ஒலியைத் துலக்குபவர்கள்

கம்பத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் சின்ன அறை ஒன்று இருக்கிறது. முகூர்த்தம் இல்லாத நாட்களில் அங்கே நடக்கும் வேலையைப் பார்க்கத்தான் போயிருந்தேன். சுற்றுவட்டார ஆசிரியர்கள் வீட்டில் பதிவுசெய்த பாட வீடியோக்களைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கல்வி தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே பள்ளிகள் மூடப்பட்டன. அப்போது கேமரா முன் நின்று பாடம் எடுக்கப் பழகிய பலர் இன்றும் அதை விடவில்லை. படம் பெரும்பாலும் நன்றாகவே வந்துவிடுகிறது. பின்னால் விடாமல் ஓடும் இரைச்சல்தான் பிரச்சினை.

அன்று வந்திருந்தது பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாடு. நாற்பது நிமிடப் பாடம். லேப்டாப்பில் காலர் மைக் செருகி எடுத்திருந்தார் கணக்கு ஆசிரியர். "தம்பி, போர்டுல எழுத்து தெளிவா இருக்கு. அதைத் தொடாம சத்தத்தை மட்டும் எடுக்க முடியுமா?" என்று கேட்டார்.

"படத்தைத் திறக்கவே மாட்டேன் சார்" என்றார் எடிட்டர்.

அவர் சொன்னதற்கு நேரான பொருள் உண்டு. வீடியோ கோப்புக்குள் படமும் ஒலியும் தனித்தனி ஓடைகளாக இருக்கின்றன. சாதாரண எடிட்டிங் மென்பொருளில் போட்டு வெளியே எடுத்தால், படம் முழுவதும் விரிக்கப்பட்டு மறுபடி சுருக்கப்படும். அப்போது சாக்பீஸ் எழுத்தின் ஓரங்கள் மங்கும். அவருடைய பழைய கணினியில் மணிக்கணக்கில் நேரமும் ஆகும். ffmpeg-இல் `-c:v copy` என்று சொன்னால் படத்தின் தரவு அப்படியே புதுக் கோப்புக்குப் போய்விடும். ஒலி மட்டும் விரிந்து, வடிகட்டிகள் வழியாகப் போய், மறுபடி சுருங்கும். பாடம் முழுவதும் ஓரிரு நிமிடத்தில் முடிகிறது.

அவர் முதலில் தேடியது ஆசிரியர் பேசாத இடத்தை. போர்டைத் துடைக்கத் திரும்பியபோது நான்கு விநாடி மௌனம் கிடைத்தது. அதை ஆடாசிட்டியில் திறந்து அலைவரிசை வரைபடம் போட்டார். "இதுல சைஸ் 2048ன்னு இருக்கும் அண்ணே. அப்படியே விட்டா எல்லாம் ஒரே மேடாத்தான் தெரியும்" என்று சொல்லி, 65536 ஆக்கினார். மேடு கரைந்து, ஊசி ஊசியாக நின்றது: 50, 100, 150, 250 ஹெர்ட்ஸ். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் மடங்குகளும் சார்ஜர் வழியாக மைக்குக்குள் புகுந்திருந்தன. ஊசிகளுக்கு அப்பால், மேல் அலைவரிசைகளில் மெல்லிய புல்தரை மாதிரிப் பரவியிருந்தது ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கலாம். பரவிக் கிடப்பதைக் குறைக்கத்தான் முடியும்.

"போன் ஸ்பீக்கர்ல 50 கேக்கவே கேக்காது. பிள்ளைகளுக்குக் கேக்கிறது 150, 250தான். அதனால ஹெட்போன் இல்லாம நான் இந்த வேலைல உக்கார மாட்டேன்."

80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிவு வைப்பது முதல் படி. அந்தச் சரிவு 50ஐ ஏறத்தாழ 9 டெசிபல்தான் இறக்கும். ஆகவே ஊசிகள் ஒவ்வொன்றின் மீதும் குறுகிய பள்ளம் தனியாக வெட்டினார்.

```
ffmpeg -i paadam.mp4 -map 0:v -map 0:a -c:v copy \
 -af "highpass=f=80,bandreject=f=50:t=h:w=4,
bandreject=f=100:t=h:w=4,bandreject=f=150:t=h:w=4,
bandreject=f=250:t=h:w=4,afftdn=nr=10:nf=-54" \
 -c:a aac -b:a 128k puthusu.mp4
```

`w=4` என்பது பள்ளத்தின் அகலம், 4 ஹெர்ட்ஸ். ஆண் குரலின் அடித்தளமே 100க்கும் 150க்கும் நடுவில்தான் ஏறி இறங்கும். பள்ளம் அகலமானால் குரலின் கனம் போய், டப்பாவுக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். குரல் ஓரிடத்தில் நிற்காமல் அசைந்துகொண்டே இருப்பதால் குறுகிய பள்ளத்தைச் சேதமில்லாமல் தாண்டிவிடுகிறது. நிலையாக நிற்கும் ஹம் மட்டும் மாட்டிக்கொள்கிறது.

கடைசியில் உள்ள `afftdn` பரவலான இரைச்சலுக்கானது. `nf` இரைச்சலின் மட்டம். பள்ளங்களை வெட்டிய பிறகு அந்த மௌன விநாடிகளை `volumedetect` கொண்டு அளந்தபோது -54 டெசிபல் வந்தது. அதையே தொடக்கமாக வைத்தார். வெட்டுவதற்கு முன் அளந்தால் ஹம்மும் சேர்ந்து, கணக்கு உயரமாக வந்துவிடும். `nr` எத்தனை டெசிபல் குறைப்பது என்பது. ஆசிரியர் இன்னும் சுத்தமாகக் கேட்டதால் 30 வைத்துக் காட்டினார். இரைச்சல் போனது, அதோடு ‘சமன்பாடு’ என்பதன் முதல் எழுத்து மழுங்கியது, சொற்களின் வால்களில் தண்ணீர்க் குமிழி மாதிரி ஒரு சலசலப்பு ஒட்டிக்கொண்டது, சாக்பீஸ் போர்டில் தட்டும் ‘டக்’ காணாமல் போனது. "அந்த டக் வேணும்பா. அதைக் கேட்டுத்தான் பிள்ளைக போர்டைப் பாக்கும்" என்றார் ஆசிரியர்.

எவ்வளவு எடுக்கலாம் என்று கண்டுபிடிக்க எடிட்டரிடம் நல்ல வழி ஒன்று இருந்தது. `afftdn`-இல் `om=n` சேர்த்தால், வடிகட்டி தூக்கி எறிவதை மட்டும் கேட்கலாம். 30இல் எறிந்த குப்பைக்குள் ஆசிரியர் பாடம் நடத்துவதே கேட்டது. 10இல் வெறும் ‘ஸ்ஸ்’ மட்டும். எறிவதில் பேச்சு கேட்கிறது என்றால் அளவு மீறிவிட்டது என்று பொருள்.

வேலை முடிந்தது என்று நினைத்தபோது, பதினெட்டாவது நிமிடத்துக்குப் பிறகு ஹம் மறுபடி வந்தது. அங்கே ஒரு மௌனத்தைப் பிடித்து வரைபடம் போட்டால், ஊசிகள் 52, 104, 156, 260இல் நின்றன. "சார், நடுவுல கரண்ட் போச்சா?" போயிருக்கிறது, ஜெனரேட்டர் போட்டிருக்கிறார்கள். மின்வாரிய மின்சாரம் 50ஐ ஒட்டியே நிற்கும். சின்ன ஜெனரேட்டர் சுமைக்கு ஏற்ப ஏறி இறங்கும். 50க்கு வெட்டிய பள்ளம் அதற்குப் பொருந்தாது. பழைய பள்ளங்கள் ஒவ்வொன்றுக்கும் `:enable='lt(t,1080)'` என்று எல்லை வைத்துவிட்டு, புதிய இடங்களில் இரண்டு மடங்கு அகலத்தில் இப்படி வெட்டினார்:

```
bandreject=f=104:t=h:w=8:enable='gte(t,1080)'
```

ஹம் அடங்கியது. ஜன்னல் வழியாக வந்த ஜெனரேட்டரின் படபடப்பு அடங்கவில்லை. இந்த வடிகட்டிகள் ஒரே சீரான சத்தத்துக்கானவை. தென்மேற்குப் பருவத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் அடிக்கும் காற்று மைக்கில் மோதும் சத்தம், பஸ் ஹாரன், குக்கர் விசில் எல்லாம் நொடிக்கு நொடி மாறுபவை. எந்த அளவு வைத்தாலும் குரலோடு சேர்த்துத்தான் போகும். அப்படிப்பட்ட பாடங்களை அவர் வாங்குவதில்லை. மறுபடி பதிவுசெய்யச் சொல்லிவிடுகிறார்.

கோப்பைக் கொடுக்கும் முன் கடைசிச் சோதனை. பழையதற்கும் புதியதற்கும் இதை ஓட்டினார்:

```
ffmpeg -i paadam.mp4 -map 0:v -c copy -f md5 -
```

இரண்டு தடவையும் அதே நீண்ட எண் வந்தது. படத்தில் ஒரு பிட் மாறியிருந்தாலும் அந்த எண் வேறாகியிருக்கும். ஆசிரியர் இரண்டு வரிகளையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பென் டிரைவை வாங்கினார்.

கூடவே ஒரு துண்டுச் சீட்டும் கிடைத்தது. அங்கே வரும் எல்லா ஆசிரியர்களுக்கும் எடிட்டர் அதைக் கொடுக்கிறார். அதில் நான்கே வரிகள்: சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிவுசெய்யுங்கள். மைக்கை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் குத்துங்கள். ரெக்கார்டு போட்டதும் ஐந்து விநாடி பேசாமல் நில்லுங்கள். கரண்ட் போய் வந்தால் மறுபடி ஐந்து விநாடி. முதல் வரியைக் கடைப்பிடித்தவர்களின் பாடங்களில் பள்ளம் வெட்டும் வேலையே அநேகமாக இருப்பதில்லை என்கிறார்.