"பதிவாயிடுச்சு"ன்னு பாட் சொன்னா அது உண்மையா இருக்கணும்

1/ ரத்தம் கேட்டு வர்ற மெசேஜ் வாட்ஸ்அப் குரூப்ல எப்படித் தொலையும்னு உங்களுக்கே தெரியும். "அரியலூர் ஜி.ஹெச், ஓ பாசிட்டிவ், 2 யூனிட்"னு காலையில ஒருத்தர் போடுவார். அதுக்கு மேல இருபது குட்மார்னிங் வந்து விழும். பெரம்பலூர்ல இருக்கிற டோனர் மதியம் பார்க்கும்போது, யாராவது போனாங்களா இல்லையான்னே தெரியாது.

2/ இதுக்கு ஒரு டெலிகிராம் பாட் வச்சு, வர்ற ஒவ்வொரு கேள்வியையும் கூகுள் ஷீட்ல தானா ஒரு வரியா ஏத்திடலாம். கோடிங் வேண்டாம். வாட்ஸ்அப்லயும் முடியும், ஆனா அதுக்குத் தனியா பிசினஸ் ஏபிஐ பதிவு பண்ணணும். சின்ன ரத்ததானக் குழுவுக்கு டெலிகிராம்தான் சுலபம்.

3/ டெலிகிராம்ல `BotFather` தேடி `/newbot` அனுப்புங்க. பேர் கேட்கும், சொன்னதும் ஒரு டோக்கன் தரும். அது வீட்டுச் சாவி மாதிரி, குரூப்ல போட்டுடாதீங்க. அடுத்து கூகுள் ஷீட்ல நாலு தலைப்பு போடுங்க: நேரம், பேர், சாட் ஐடி, மெசேஜ்.

4/ ரெண்டையும் இணைக்கிறது `make.com`. அங்க மூணு கட்டம். முதல்ல டெலிகிராமோட `Watch Updates`. அடுத்து கூகுள் ஷீட்டோட `Add a Row`. கடைசியா பதில் அனுப்புற கட்டம். டோக்கனை முதல் கட்டத்துல ஒட்டி, எந்தத் தகவல் எந்தத் தலைப்புக்குக் கீழ போகணும்னு தேர்ந்தெடுத்தா போதும். `Run once` அழுத்திட்டு உங்க போன்ல இருந்து ஒரு மெசேஜ் போட்டுப் பாருங்க. ஷீட்ல வரி ஏறணும்.

5/ இங்க ரொம்ப முக்கியமானது வரிசை. ஷீட் முன்னாடி, பதில் பின்னாடி. நிறைய பேர் பதிலை முதல்ல வைப்பாங்க, டக்குன்னு வருதேன்னு. ஆனா கூகுள் அனுமதி காலாவதியாகி ஷீட்ல ஏறலைன்னு வைங்க. "பதிவாயிடுச்சு"ன்னு பதில் மட்டும் போயிடும். கேட்டவங்க வார்டு வாசல்ல அதை நம்பி உட்கார்ந்திருப்பாங்க, வேற யாரையும் கேட்க மாட்டாங்க. ஷீட் முன்னாடி இருந்தா, அது தவறினதும் ஓட்டம் அங்கேயே நிக்கும், பதிலும் போகாது. பதில் வரலைன்னா அவங்களே வேற வழி தேடுவாங்க.

6/ அடுத்தது வாய்ஸ் நோட். நம்ம பக்கம் டைப் பண்றதை விட பேசி அனுப்புறவங்கதான் அதிகம். இல்லன்னா டாக்டர் சீட்டை போட்டோ எடுத்து அனுப்புவாங்க. ரெண்டுலயும் எழுத்து கிடையாது. அதனால ஷீட்ல பேர் இருக்கும், மெசேஜ் கட்டம் காலியா இருக்கும். பாட்டுக்கு வர்றது உங்க சொந்த டெலிகிராம்லயும் தெரியாது. அதனால அந்தக் குரலை யாரும் கேட்கவே மாட்டீங்க.

7/ இதுக்கு முதல் கட்டத்துக்கு அப்புறம் ஒரு `Router` போட்டுப் பாதையைப் பிரிங்க. எழுத்து இருந்தா ஷீட், அப்புறம் பதில். எழுத்து இல்லன்னா ஷீட்டுக்குப் போகாம, "வாய்ஸும் போட்டோவும் எங்களுக்குத் தெரியாது, எழுதி அனுப்புங்க"ன்னு பதில். பாட்டைத் திறந்து `Start` அழுத்தினதும் வர்ற `/start`டையும் முதல் பாதையில இருந்து விலக்கி, தனி வரவேற்புப் பதில் குடுங்க.

8/ டெலிகிராம் உங்களுக்குப் போன் நம்பரைத் தராது. ஜனங்களும் "ரத்தம் வேணும்" ஒரு மெசேஜ், "அரியலூர்" ஒரு மெசேஜ்னு பிச்சுப் பிச்சு அனுப்புவாங்க, ஒரே ஆளுக்கு மூணு வரி ஏறும். அதனால பதில்லயே ஒரு கூகுள் ஃபார்ம் லிங்க் வைங்க. ரத்த வகை, ஆஸ்பத்திரி, எத்தனை யூனிட், போன் நம்பர். நாலையும் கட்டாயக் கேள்வி ஆக்குங்க. என்ன நோய்னு கேட்காதீங்க, டோனருக்கு அது தேவையில்ல. ஷீட்டையும் லிங்க் இருக்கிற எல்லாரும் பார்க்கிற மாதிரி வைக்காதீங்க.

9/ `make.com` இலவசக் கணக்குல மாசம் 1000 கிரெடிட். ஒரு மெசேஜுக்கு மூணு கட்டம், மூணு கிரெடிட். அப்போ மாசத்துக்கு 330 மெசேஜ் அளவுக்குத் தாங்கும். தீர்ந்தா நின்னுடும். தினமும் காலையில ஒருத்தர் "டெஸ்ட்"னு அனுப்பி வரி ஏறுதான்னு பாருங்க. ஏறலைன்னா ஷீட் அமைதியா இருக்கிறதுக்குக் காரணம் யாரும் கேட்காதது இல்ல.

10/ கடைசியா, ஷீட்ல ஏறினது மட்டும் யாருக்கும் ரத்தம் ஆகாது. "யார் எடுத்தாங்க", "முடிஞ்சுதா"ன்னு ரெண்டு தலைப்பு கைல நிரப்புற மாதிரி கடைசியில சேருங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஷீட்டைப் பார்க்க ஆள் இல்லன்னா, அதையும் பாட் பதில்லயே எழுதிடுங்க: "ராத்திரி 10 முதல் காலை 6 வரை பார்க்க மாட்டோம். ஆஸ்பத்திரி ரத்த வங்கியைக் கேளுங்க. உயிருக்கு ஆபத்துன்னா 108."