எந்தக் கோயில்?

மார்பகப் புற்றுநோய்க்கான முதல் மருந்தேற்றம் முடிந்து 16ஆம் நாள், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் அருகிலிருந்த வாடகை அறையில், நாகர்கோவில்காரரான அப்பெண்மணியின் தலையணையெங்கும் முடி கொத்தாகக் கிடந்தது. வேகமாகப் பெருகும் செல்களை அழிக்கும் மருந்து, மயிர்க்கால்களையும் விட்டுவைப்பதில்லை. எஞ்சியதையும் எடுத்துவிடச் சொன்னார். கோயிலில் போலச் சவரக்கத்தி வைக்கவில்லை. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் சிறு கீறலும் நோய்த்தொற்றுக்கு வழியாகும் என்பதால், இயந்திரத்தால் ஒட்ட வெட்டினார்கள்.

ஊர் திரும்பும் ரயிலில் எதிரே இருந்த மூதாட்டி, "திருச்செந்தூரா, பழனியா?" என்று கேட்டார். "திருச்செந்தூர்" என்றார் இவர். மூதாட்டியின் முகத்தில் இரக்கம் தோன்றவில்லை; மரியாதை தோன்றியது. அதை இழக்க மனமின்றித் தெருவிலும் அவ்வாறே சொன்னார்.

நேர்த்திக்கடன் மொட்டையில் மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் முடி வளரும். இவர் தலையோ மூன்றாம் மாதமும் வெறுமையாக இருந்தது, புருவமும் உதிர்ந்தது. பக்கத்து வீட்டுப் பெண் எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் திருச்செந்தூர் இலை விபூதியைக் கையில் வைத்து, "உங்களுக்காக வேண்டிக்கிட்டு வந்தேன் அக்கா" என்றார்.

அதன்பின் யார் கேட்டாலும் அவர் மருத்துவமனையின் பெயரையே சொன்னார்.