பத்தா? இருநூத்தி நாற்பதா?

"கஸ்டம்ஸ்ல வேலை"னு சொன்னா உடனே என்ன கேட்பீங்க? "ஏர்போர்ட்ல தங்கம் பிடிப்பியா?" அதானே! ஸாரி பாஸ். நான் கஸ்டம்ஸ் ஆபீஸர் இல்லை, கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸ்ல வேலை பார்க்கறவன். வெளிநாட்டுச் சரக்கு வந்தா, இறக்குமதியாளருக்காக பேப்பர் தாக்கல் பண்ணி, வரி கட்டி, பெட்டியை வெளியே எடுத்துக் கொடுக்கிற வேலை. ஆபீஸ் சென்னை பாரிமுனையில. பரீட்சை எழுதி 'ஜி கார்டு' வாங்கினதும், நானே கையெழுத்துப் போடுற முதல் ஃபைல் கைக்கு வந்தது.

தைவான்லேர்ந்து ஒரு கன்டெய்னர். உள்ளே பேரிங். அம்பத்தூர்ல சின்னதா பட்டறை வெச்சிருக்கிறவருக்கு. கப்பல் வர்றதுக்கு முந்தின நாளுக்குள்ள 'பில் ஆஃப் என்ட்ரி' தாக்கல் பண்ணியாகணும். தவறினா முதல் 3 நாளுக்கு தினம் 5,000 ரூபாய், அப்புறம் தினம் 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். நான் உஷாரா வெள்ளிக்கிழமையே முடிச்சுட்டேன். தாக்கலுக்கு முன்னாடி 'செக்லிஸ்ட்' எடுத்து அவருக்கு அனுப்பினேன். "ஓகே தம்பி"னு பதில் வந்தது. அவரும் பார்க்கலை, நானும் பார்க்கலைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது!

திங்கட்கிழமை கப்பல் வந்தது. ஃபைல் மட்டும் நகரலை. ஸ்கிரீன்ல பார்த்தா, பெட்டி எண்ணிக்கை பொருந்தலையாம். நான் போட்டது 240 அட்டைப்பெட்டி. 'ஐ.ஜி.எம்.'ல இருந்தது 10. ஐ.ஜி.எம்.னா, இந்தக் கப்பல்ல யாருக்கு என்ன வருதுன்னு கப்பல் தரப்பு கஸ்டம்ஸுக்குக் கொடுக்கிற பட்டியல். நம்ம பேப்பர் அதோட ஒத்துப்போகணும்.

பட்டறைக்காரர் போன் பண்ணினார். "என்னப்பா ஆச்சு?" கொஞ்சமும் யோசிக்காம சொன்னேன்: "கப்பல் கம்பெனி தப்பு சார். நாளைக்கு சரியாயிடும்."

ரெண்டு நாள் கப்பல் ஏஜென்ட் ஆபீஸுக்கு அலைஞ்சேன், பட்டியலைத் திருத்தச் சொல்லி. புதன்கிழமை அங்கே இருந்த பெரியவர் ஒருத்தர் கேட்டார். "தம்பி, பி.எல். எடுத்துப் பார்த்தியா?"

பி.எல். என்கிற 'பில் ஆஃப் லேடிங்', சரக்கை ஏத்திக்கிட்டதுக்குக் கப்பல் கம்பெனி தர்ற ரசீது. அதை வெச்சுத்தான் ஐ.ஜி.எம். தயாராகும். எடுத்துப் பார்த்தேன். '10 பேலட்' என்று தெளிவா இருந்தது. ஒவ்வொரு மரப்பலகை மேலயும் 24 அட்டைப்பெட்டி அடுக்கி, சுத்திக் கட்டியிருக்காங்க. பத்து இருபத்திநாலு இருநூத்தி நாற்பது. ரெண்டு கணக்குமே நிஜம்தான். ஆனா கப்பல் எண்ணினது பலகையை. நான் பேக்கிங் லிஸ்ட்டைப் பார்த்து அட்டைப்பெட்டியை எண்ணிட்டேன். திருத்த வேண்டியது அவங்க பட்டியலை இல்லை, என் பில்லை!

புதன் மதியமே பி.எல்., பேக்கிங் லிஸ்ட் ரெண்டையும் இணைச்சு, திருத்தம் கேட்டு மனு போட்டோம். வியாழன் மாலை ஒப்புதல். வெள்ளி மதிப்பீடு முடிஞ்சு வரி கட்டினோம். சனிக்கிழமை சீல் உடைச்சுப் பார்த்தாங்க. பத்து பேலட், சரியா இருந்தது. சாயந்திரம் லாரி கிளம்பிடுச்சு.

அப்பாடா முடிஞ்சுதுன்னு நினைச்சா, இல்லை! கப்பல் கம்பெனி இலவசமா தந்தது 5 நாள். திங்கள்லேர்ந்து வெள்ளி வரை. சரக்கு வெளியே வந்த நாளோட அந்தக் கணக்கு நிற்காது. காலி கன்டெய்னரைத் திருப்பிக் கொடுக்கிற நாள் வரை ஓடும். காலிப் பெட்டி திங்கட்கிழமைதான் போய்ச் சேர்ந்தது. மூணு நாள் வாடகை, அதுவும் டாலர் கணக்குல. எங்க ஓனர் அதை ஆபீஸ் தலையில போட்டுக்கிட்டார். "அவர்கிட்ட நீயே போய்ச் சொல்லு"ன்னு மட்டும் சொன்னார்.

அம்பத்தூர் போனேன். "சார், தப்பு என்னோடது. கப்பல் கம்பெனி மேல சும்மா பழி போட்டேன்."

அவர் கத்தலை. ரெண்டு மெஷின் துணி போர்த்தி நின்னுக்கிட்டிருந்தது. "தப்பு எல்லாருக்கும் வரும்ப்பா. ஆனா நீ 'நாளைக்கு'ன்னு சொன்னதை நம்பிட்டேன். அஞ்சு நாள் ஆகும்னு திங்கட்கிழமையே சொல்லியிருந்தா, பாரீஸ்ல கடையில நாலு பேரிங் வாங்கிப் போட்டு ஓட்டியிருப்பேன்."

மூணு நாள் வாடகையை ஆபீஸ் கட்டிடுச்சு. அந்த ரெண்டு மெஷினும் நின்ன அஞ்சு நாளை யாரு கட்டுவா, சொல்லுங்க?

இப்பல்லாம் ஃபைல் வந்தா இன்வாய்ஸைத் தொடுறதே இல்லை. முதல்ல பி.எல்.! எண்ணிக்கைக்குக் கீழே பேனாவால ஒரு கோடு. செக்லிஸ்ட் அனுப்பும்போதும், "சார், பத்து பேலட்னு போட்டிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க"ன்னு போன் பண்ணிக் கேட்கிறேன். வெறும் "ஓகே" வந்தா, மறுபடியும் கேட்கிறேன்!