கல்யாணத்தன்றே காலாவதி

ஆண்டுக்கொரு முறை எங்கள் மனிதவளப் பிரிவிலிருந்து அந்த அறிவிப்பு வரும். பி.எஃப். நாமினேஷனை இந்தத் தேதிக்குள் புதுப்பியுங்கள் என்பார்கள். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் எங்களில் பலர் அதைப் படித்துவிட்டு, ‘நாம்தான் சேர்ந்த அன்றே அம்மா பெயரைக் கொடுத்துவிட்டோமே’ என்று விட்டுவிடுவோம்.

“நான் எதையும் மாத்தலையே அண்ணா, அது அப்படியேதானே இருக்கும்?” என்று கேட்டான் நாகர்கோவிலிலிருந்து வந்த தம்பி ஒருவன். கல்யாணமாகி மூன்று வருடம், கையில் ஒரு பெண் குழந்தை.

இருக்காது. 1952ஆம் ஆண்டின் பி.எஃப். திட்டத்தில் 61ஆம் பத்தி இதைத் தெளிவாகச் சொல்கிறது. குடும்பம் இல்லாதவர் யாரை வேண்டுமானாலும் நியமிக்கலாம். குடும்பம் வந்த அந்தக் கணமே அந்த நியமனம் செல்லாது. அதை யாரும் ரத்து செய்ய வேண்டியதில்லை, கடிதமும் வராது. அலுவலகம் வைத்திருக்கும் கடைசித் தேதி அதன் வசதிக்கானது. சட்டத்தின் தேதி, தாலி கட்டிய நாள்.

அவன் கணக்கில் 9 லட்சம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், செல்லுபடியாகும் நியமனம் இல்லாததால் பணம் குடும்பத்தாருக்குச் சம பங்காகப் பிரியும். மனைவி, மகள், அவனை நம்பியிருக்கும் அம்மா என்றால் ஆளுக்கு 3 லட்சம். ஆனால் பெற்றோர் அவனைச் சார்ந்திருந்தால்தான் இந்தக் கணக்கில் குடும்பம். அம்மா சொந்த ஓய்வூதியத்தில் வாழ்கிற ஆசிரியை என்றால், அவர் சார்ந்திருப்பவரா என்பதிலேயே தகராறு தொடங்கும். அம்மாவுக்கு என்று எழுதிய பணத்தில் அம்மாவுக்கே ஒன்றும் இல்லாமல் போகலாம். மனைவியும் மாமியாரும் எதிரெதிர் மனு கொடுப்பது இப்படித்தான்.

புதுப்பிப்பதும் பெரிய வேலையில்லை. யு.ஏ.என். தளத்தில் நுழைந்து, குடும்பம் உண்டு என்று குறித்து, ஒவ்வொருவர் விவரத்தையும் சேர்த்து, பங்குகளின் கூட்டுத்தொகை நூறு சதவீதம் வரும்படி பிரிக்க வேண்டும். பலர் சேமித்ததோடு எழுந்துவிடுகிறார்கள். ஆதார் ஓ.டி.பி. வழியாக மின்கையொப்பம் இடும்வரை அது பதிவாகாது. திரும்ப உள்ளே போய் கையொப்பம் நிலுவையில் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பணிக்கொடைக்கு இதே விதியோடு தனிப் படிவம் உண்டு. ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது.

இதையெல்லாம் யோசித்தால், ஆண்டு அறிவிப்பைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. கல்யாண லீவு கேட்டு வருகிறவரிடம் மனிதவளப் பிரிவு பத்திரிகையை வாங்கிக்கொண்டு, லீவு முடிந்து திரும்பும் நாளில் இந்தப் படிவத்தை நீட்டலாம்.