ஐஸ் ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவு

பனிச்சங்கேணியில் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு சின்ன நண்டு வாடி நடத்துறம். களப்பிலிருந்து வாற நண்டையும் இறாலையும் நிறுத்து வாங்கி, ரெஜிபோம் பெட்டிகளில் ஐஸ் போட்டு லொறியில ஏத்திவிடுவம். ஐஸுக்கு ஒரு முதலாளியோட எழுத்தில ஒப்பந்தம் இருந்தது. கிழமைக்கு 40 பார் கட்டாயம் எடுக்கணும். போன வருசம் நண்டு குறைஞ்சு, 22 பாருக்கு மேல எங்களுக்குத் தேவைப்படல்ல. மிச்சம் உருகித் தண்ணியாப் போச்சு, காசு மட்டும் உருகாம வாடியின்ர கணக்கில இருந்து போய்க்கொண்டே இருந்தது. லொறியும் பல நாள் பிந்தித்தான் வந்தது.

ஒரே வழி ஒப்பந்தத்தை முடிப்பதுதான். ஆனால் அவர் கோபிச்சா வாடிக்கு அவசரத்துக்கு ஐஸ் தர அந்தப் பக்கத்தில வேற லொறி இல்ல. அவரிட்ட எங்கட வைப்புப் பணமும் கிடந்தது.

ஒன்பதாம் பிரிவு நாலு வரிதான். எந்தத் தரப்பும் காரணம் சொல்லாமல் ஒப்பந்தத்தை முடிக்கலாம். எழுத்தில் குறைந்தது 60 நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். அது ஒரு மாதத்தின் கடைசி நாளில் முடிய வேண்டும். பதிவுத் தபாலில் மற்றவரின் முகவரிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பியபின் வரும் மூன்றாம் வேலைநாளில் கிடைத்ததாகக் கொள்ளப்படும்.

இதில மாட்டுப்படுறது "60 நாள்" இல்ல, அந்த மாசக் கடைசிதான். 2025 ஜூன் 29ஆம் தேதி இரவு நாங்கள் கூடி முடிவெடுத்தம். ஓகஸ்ட் 31இல முடிக்கணுமெண்டால் கடிதம் ஜூலை 2க்குள்ள கிடைச்சதாக இருக்கணும். கிடைச்ச நாளை விட்டுப்போட்டு எண்ணினால் ஜூலையில 29, ஓகஸ்டில 31, சரியாக 60. ஜூலை 2 மூன்றாம் வேலைநாளாக வர, ஜூன் 27 வெள்ளிக்கிழமை தபாலில் போட்டிருக்க வேணும். ரெண்டு நாள் கடந்துபோச்சு. கடிதத்தில முந்தின தேதியைப் போடுவமா எண்டு ஒருத்தர் கேட்டார். கடிதத்தில என்ன தேதி போட்டாலும் தபாலகத்தின்ர பற்றுச்சீட்டு வேற தேதி சொல்லும். அந்த ஒரு பொய் பிடிபட்டால் மிச்சம் எல்லாமே சந்தேகம். செப்டெம்பர் 30 எண்டு முடிவெடுத்து, இன்னொரு மாசத்து ஐஸுக்குக் காசு கட்ட ஒத்துக்கொண்டம்.

கடிதம் எழுத முதல் முதலாளியைப் போய்ப் பார்த்தம். இது சட்டம் கேட்டதில்ல, ஊர் மரியாதை. "என்ன தம்பிமார், இதுக்கெல்லாம் கடுதாசி எதுக்கு? வாயால சொன்னாப் போதும்தானே" எண்டார். "ஓம் அண்ணன், ஒப்பந்தத்தில அப்பிடிப் போட்டிருக்கு, அதால ஒண்டு வரும், மனசில வைக்காதீங்க" எண்டு சொல்லிட்டு வந்தம். வாயால சொன்னது அவருக்கு அதிர்ச்சி வராமல் இருக்க. ஒப்பந்தத்தை முடிச்சது கடிதம்தான்.

தேதிப் பிழை எவ்வளவு தூரம் போகும் எண்டதுக்கு லண்டனில ஒரு பெயர்பெற்ற வழக்கு இருக்கு: மன்னாய் எதிர் ஈகிள் ஸ்டார். ஒரு வாடகைக்காரர் குத்தகையை 1995 ஜனவரி 13இல முடிக்க வேண்டியவர், அறிவித்தலில் ஜனவரி 12 எண்டு எழுதிப்போட்டார். அந்த ஒரு நாளுக்காக வழக்குப் பிரபுக்கள் சபை வரை போனது. 1997இல் மூண்டுக்கு ரெண்டு எண்டு வாடகைக்காரர் பக்கம் தீர்ப்பு வந்தது. வாசிக்கிற எவருக்கும் அவர் சொல்ல வந்தது விளங்கியிருக்கும் எண்டது காரணம். ஆனால் அதே தீர்ப்பில ஹொஃப்மன் பிரபு இன்னொண்டும் சொன்னார்: அறிவித்தல் நீலத் தாளில் இருக்க வேண்டும் எண்டு ஒப்பந்தம் சொன்னால், இளஞ்சிவப்புத் தாளில் எழுதினது எவ்வளவு தெளிவாக இருந்தாலும் செல்லாது. அதாவது சொல்லில வந்த தடுமாற்றத்தை நீதிமன்றம் மன்னிக்கலாம், ஒப்பந்தம் கேட்ட முறையை விட்டதை மன்னிக்காது. எங்கட நீலத் தாள் பதிவுத் தபால். வட்ஸ்அப்பில அனுப்பி ரெண்டு நீலக் கோடு விழுந்தாலும் அது ஒன்பதாம் பிரிவு கேட்டதில்ல.

கடிதத்தில நாலு வாக்கியம்தான் இருந்தது:

"எமக்கிடையிலான ஐஸ் விநியோக ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவின்படி, அவ்வொப்பந்தத்தை 2025 செப்டெம்பர் 30ஆம் தேதியுடன் முடிவுறுத்துவதாக இதனால் அறிவிக்கின்றோம். அத்தேதி பொருந்தாதெனக் காணப்படின், இக்கடிதத்தின் அடிப்படையில் 9ஆம் பிரிவு அனுமதிக்கும் மிக அண்மித்த தேதியில் முடிவுறும். அதுவரை எமது கடப்பாடுகளை வழமைபோல் நிறைவேற்றுவோம். பெட்டிகளைக் கையளித்தல், வைப்புப் பணம் என்பன பற்றிப் பேச வசதியான நாளை அறியத் தரவும்."

ரெண்டாவது வாக்கியம் மன்னாய் வழக்குக்குப் பயந்து போட்டது. நாங்கள் எண்ணினது பிழையெண்டாலும் கடிதம் வீணாகாது.

முதல் வரைவில "உங்கட லொறி தொடர்ந்து பிந்தி வருவதால்" எண்டு ஒரு வரி இருந்தது. உண்மைதான், ஆனால் எடுத்துவிட்டம். ஒன்பதாம் பிரிவு காரணம் கேட்கல்ல. காரணம் எழுதினால் அது குற்றச்சாட்டு, குற்றச்சாட்டுக்கு அவர் பதில் எழுதுவார். அதோட ஒப்பந்த மீறலுக்கு வேற பிரிவு இருக்கு; அதன்படி முதல் திருத்துறதுக்கு 14 நாள் கொடுக்கணும். ரெண்டையும் கலந்தால் எந்தப் பிரிவின் கீழ முடிச்சீங்க எண்ட கேள்வி வரும். "இண்டையில இருந்து ஐஸ் வேணாம்" எண்டு எழுதியிருந்தா இன்னும் மோசம்: ஒப்பந்தத்தை மீறின ஆள் நாங்களாகியிருப்பம், நட்டஈடு கேட்கிற உரிமை அவருக்குப் போயிருக்கும்.

ஜூலை 8, செவ்வாய், வாகரைத் தபாலகத்தில பதிவு பண்ணினம். 10ஆம் தேதி போயா, அதை எண்ணல்ல. சனிக்கிழமை வேலைநாளா எண்டு ஒப்பந்தம் சொல்லல்ல, அதையும் எண்ணாமல் விட்டம். எங்களுக்கு ஆகப் பாதகமாக எண்ணினாலும் ஜூலை 14 திங்கள் கிடைச்சதாகும், 60 நாள் செப்டெம்பர் 12இல முடியும். ஓகஸ்ட் 1க்குள்ள கிடைச்சாலே போதும் எண்டபடியால் தபால் பிந்தினாலும் இடம் இருந்தது. பற்றுச்சீட்டையும் கடிதத்தின்ர பிரதியையும் ஒண்டாக வச்சுப் போட்டோ எடுத்தம்.

பிறகு வந்த கிழமைகள்தான் பொறுமையைச் சோதிச்சது. முடியப்போற ஒப்பந்தம்தானே எண்டு ரெண்டு பக்கமும் தளரும். நாங்கள் 40 பாரையும் எடுத்து, காசை உரிய நாளில கட்டி, எங்களுக்கு மிஞ்சினதைப் பக்கத்து வாடிகளுக்கு வாங்கின விலைக்கே கொடுத்தம். ஒப்பந்தத்தில மறுவிற்பனைக்குத் தடை இல்லை எண்டதைப் பார்த்த பிறகுதான். ஒரு கிழமை 25 பார்தான் வந்தது. சண்டை பிடிக்கல்ல; பில்லில "25 பெற்றுக்கொண்டோம்" எண்டு எழுதிக் கையெழுத்து வச்சு, 25க்கு மட்டும் காசு கொடுத்தம்.

செப்டெம்பர் 30 கடந்து, ஒக்டோபர் 3 வெள்ளி காலையில அவருடைய லொறி வாசலில வந்து நிண்டது. சாரதி பழக்கத்தில வந்திட்டார் போல. எங்களுக்கும் அண்டைக்கு ஐஸ் தேவை. சும்மா இறக்கியிருந்தா, ஒப்பந்தம் தொடருது எண்டு பிறகு ஆராவது சொல்ல இடம் கிடைச்சிருக்கும். 10 பார் மட்டும் காசுக்கு வாங்கி, பில்லில "தனிக் கொள்வனவு, முன்னைய ஒப்பந்தத்தின் கீழ் அல்ல" எண்டு எழுதச் சொன்னம். சாரதி சிரிச்சுக்கொண்டு எழுதினார்.

அடுத்த கிழமை 12 பெட்டியையும் எண்ணிக் கையளிச்சம். ஒண்டில வெடிப்பு, அதுக்கு ஒரு தொகையைப் பேசிக் கழிச்சு மிச்ச வைப்புப் பணத்தைத் தந்தார். ஒருத்தருக்கொருத்தர் தரவேண்டியது எதுவுமில்லை எண்டு ஒரு தாளில எழுதி, ரெண்டு பக்கமும் கையெழுத்து வச்சு, ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டம். இப்பவும் கூட நண்டு வாற நாட்களில அவரிட்டத்தான் ஐஸ் வாங்குறம்.