தை மாதத்திலிருந்து ஆவணிக்கு எண்ணுவது



மேட்டூர் திறக்கும் செய்தி வரும்போதெல்லாம் நம் காரைக்கால் பக்கத்து வீடுகளில் ஒரே பேச்சுதான்: "தண்ணீர் எப்போ வரும், எப்போ விதைக்கலாம்?" வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் நிலம் வைத்திருக்கும் பழைய மாணவர்கள் சிலரும் இதையே போனில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று நினைத்தேன். கொஞ்சம் நீளம். காபி ஆறுவதற்குள் படித்துவிடலாம்.

"எப்போ விதைக்கலாம்" என்ற கேள்விக்குத் தண்ணீர் வரும் நாளிலிருந்து முன்னோக்கி எண்ணினால் சரியான விடை கிடைக்காது. முடிவிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். நம் பக்கம் சம்பாவுக்கு முடிவு எது? மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடும். மொத்தம் 230 நாள். நாம் கடைமடை. மேலே மூடினால் நம் வாய்க்காலில் அதற்குப் பிறகு நம்பி நிற்க ஒன்றுமில்லை. நெல்லுக்கு அறுப்புக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்பதால், ஜனவரி 28-க்குப் பத்து நாள் தள்ளி, பிப்ரவரி 7-ஐ அறுப்பின் கடைசி நாளாக வைத்துக்கொள்ளலாம். அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் ஈரம் மெழுகுப் பதத்தில் இருக்கும்போதே உளுந்தும் பயறும் தெளிக்க வேண்டும். அந்தக் கணக்குக்கும் இந்த நாள் பொருந்துகிறது. அறுப்பு இதற்கு மேல் தள்ளினால் நெல்லோடு உளுந்தும் போகும்.

இனி அங்கிருந்து பின்னால் போவோம். ரகத்தின் வயதை நாளில் சொல்வார்கள். நான் அதை வாரமாக்கி, மிச்சம் ஒரு நாள் இருந்தாலும் மேல் வாரத்துக்கே ஏற்றிக்கொள்வேன். மார்க் போடும்போதுதான் அரை மார்க்கைத் தாராளமாகக் கூட்டிப் போடலாம். பயிரிடம் அந்தத் தாராளம் நமக்குக் கிடைக்காது.

சி.ஆர்.1009 போன்ற நீண்ட வயது ரகம் 160 நாள், அதாவது 23 வாரம். பிப்ரவரி 7-லிருந்து 23 வாரம் பின்னால் போனால் ஆகஸ்ட் 30.

டி.கே.எம்.13 போன்ற மத்திய வயது ரகம் 130 நாள், அதாவது 19 வாரம். அதற்குச் செப்டம்பர் 27.

ஏ.டி.டி.43 போன்ற குறுகிய வயது ரகம் 110 நாள், அதாவது 16 வாரம். அதற்கு அக்டோபர் 18.

இவை நாற்றங்காலில் விதை விடும் கடைசி நாட்கள். வயலைச் சேறடித்து வரப்பு கட்டும் வேலையை இதில் கூட்டவில்லையே என்று கேட்பீர்கள். நாற்று வளரும் வாரங்களிலேயே அந்த வேலை நடந்துவிடும். பக்கத்துப் பக்கத்தில் நடக்கும் இரண்டு வேலைகளில் நீளமானதை மட்டும் எண்ணினால் போதும்.

இதோடு நிறுத்தினால் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அக்டோபர் 18 வரை நேரம் இருக்கிறதே என்று ஒருவர் குறுகிய வயது நெல்லை அன்று நாற்று விட்டால் என்ன ஆகும்? மூன்று வாரத்தில், நவம்பர் 8-இல் நடுவார். நம் ஊரில் நவம்பர் எப்படி என்று உங்களுக்கே தெரியும். நட்டுச் சில நாளே ஆன பிஞ்சுப் பயிர் வேர் பிடிப்பதற்குள் தண்ணீருக்கடியில் போய்விடும். கடைமடையில் வடிகாலும் கடலைப் பார்த்துத்தான் மெதுவாக வடியும்.

ஆகவே அறுப்புக்கு ஒரு கெடு இருப்பதுபோல நடுவழியிலும் ஒரு கெடு இருக்கிறது. நவம்பர் 1-க்குள் நட்ட பயிர் வேர் பிடித்துப் பச்சை கட்டியிருக்க வேண்டும் என்று வையுங்கள். அதற்கு நட்ட பிறகு இரண்டு வாரம் வேண்டும். எனவே நடவு அக்டோபர் 18-க்குள் முடிய வேண்டும். நாற்றின் வயது நீண்ட ரகத்துக்கு ஐந்து வாரம், மத்திய ரகத்துக்கு நான்கு, குறுகியதற்கு மூன்று. பின்னால் எண்ணினால் செப்டம்பர் 13, செப்டம்பர் 20, செப்டம்பர் 27 என்று வரும்.

ஒவ்வொரு ரகத்துக்கும் இப்போது இரண்டு தேதி கையில் இருக்கிறது. இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுதான் செல்லும். நீண்ட வயதுக்கு ஆகஸ்ட் 30. இங்கே அறுப்பின் கெடு முடிவு செய்கிறது. மத்திய வயதுக்குச் செப்டம்பர் 20, குறுகிய வயதுக்குச் செப்டம்பர் 27; இங்கே மழையின் கெடு முடிவு செய்கிறது. குறுகிய ரகத்துக்கு இருப்பதாகத் தோன்றிய மூன்று வாரம் காணாமல் போனதைக் கவனியுங்கள். "குறுகிய வயதுதானே, அப்புறம் போட்டுக்கலாம்" என்று தள்ளிப் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

அப்படியானால் முடிந்தவரை சீக்கிரம் விதைத்துவிட்டால் நல்லதா என்றால், அதுவும் இல்லை. எந்த ரகமானாலும் கடைசி ஒன்பது வாரம் ஏறக்குறைய ஒன்றுதான். கதிர் உருவாகத் தொடங்கிப் பூப்பது வரை ஐந்து வாரம், பூத்து மணி முற்ற நான்கு வாரத்துக்குச் சற்று மேல். தூர் கட்டி வளரும் காலம்தான் ரகத்துக்கு ரகம் மாறுகிறது. 160 நாள் ரகத்தை ஜூன் மாதமே விதைத்தால் பூப்பது அக்டோபரில், அறுப்பு நவம்பர் வெள்ளத்தில். டிசம்பர் பாதிக்கு மேல்தான் பூக்க வேண்டும் என்று வைத்தால் அறுப்பு பொங்கலையொட்டி வரும். அதிலிருந்து 23 வாரம் பின்னால் போனால் ஆகஸ்ட் முதல் வாரம். நீண்ட வயது நெல்லுக்கு நமக்கு இருக்கும் சன்னல் ஆடிக் கடைசியிலிருந்து ஆவணி நடு வரை, அவ்வளவுதான்.

இனி உண்மையான வருஷங்களைப் போட்டுப் பார்ப்போம். 2019-இல் மேட்டூர் திறந்தது ஆகஸ்ட் 13. கல்லணை தாண்டி, முறை வைத்து, நம் ஆறுகளில் இறங்கி, வயல் வாய்க்காலுக்கு வர இரண்டு வாரம் என்று வைத்தால் ஆகஸ்ட் 27. கெடு ஆகஸ்ட் 30. கையிருப்பு மூன்றே நாள். நெடுங்காடு பக்கம் மூன்று ஏக்கர் பார்க்கும் என் தங்கை மகன் வீட்டில் சி.ஆர்.1009 விதை மூட்டையை அடுக்கி வைத்துக்கொண்டு, "மாமா, தண்ணி வந்து வயல் நனைஞ்சதும் ஆரம்பிச்சுடலாம்ல?" என்று கேட்டான்.

அவனிடம் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "எந்த வேலைக்குடா வாய்க்கால் தண்ணி வேணும்?" ஒரு ஏக்கர் நடவுக்கு நாற்றங்கால் எட்டு சென்ட் போதும். மூன்று ஏக்கருக்கு இருபத்து நான்கு சென்ட். அதைப் பக்கத்து மோட்டாரிலேயே நனைத்துவிடலாம். வாய்க்கால் தண்ணீர் கட்டாயம் வேண்டியது வயலைச் சேறடிக்கத்தான், அதாவது நடவுக்கு இரண்டு வாரம் முன்பு. ஆகஸ்ட் 30-இல் விதைவிட்டால் ஐந்து வாரத்தில் நடவு. அதில் இரண்டு வாரம் கழித்தால், செப்டம்பர் 20 வரை வாய்க்காலுக்குக் காத்திருக்கலாம். மூன்று நாளாக இருந்த கையிருப்பு மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாற்றங்காலையும் நடவு வயலையும் ஒரே வேலையாக நினைத்ததால்தான் அது கண்ணில் படவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிற்றுக்கிழமை, அடுத்த வீட்டு போர்வெல் தண்ணீரில் நாற்றங்கால் விட்டான். அதற்கு முன்னால் அந்தத் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்து உப்பு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டான். இதை யாரும் விட்டுவிடாதீர்கள். கடலோரத்தில் போர் தண்ணீர் கரிக்கும் இடங்கள் உண்டு. நாற்று நுனி கருகி வெளுத்துவிட்டால் மிச்சம் பிடித்த மூன்று வாரமும் வீண். பிப்ரவரி முதல் வாரம் அறுத்தான். உளுந்தை அதற்கு ஒரு வாரம் முன்பே தெளித்திருந்தான்.

2017-இல் மேட்டூர் திறந்தது அக்டோபர் 2. நமக்கு வருவது அக்டோபர் 16. மோட்டாரில் நாற்றங்கால் விட்டாலும் மத்திய வயது ரகத்துக்கு வயல் தண்ணீர் அக்டோபர் 4-க்குள் வந்திருக்க வேண்டும். பன்னிரண்டு நாள் தாமதம். அந்த மாதிரி வருஷத்தில் நடவு என்ற பேச்சையே விட்டுவிட்டு, ஆகஸ்டு செப்டம்பரில் கிடைக்கும் கோடை உழவு ஈரத்திலும் மழையிலும் புழுதியில் நேரடி விதைப்பு செய்தவர்களுக்குத்தான் வழி. நாற்றுப் பிடுங்கி நடும் அதிர்ச்சி இல்லாததால் பயிர் ஒரு வாரம் முன்னாலேயே முற்றும் என்பது கூடுதல் லாபம். ஆனால் அந்த முடிவை அணை திறக்கும் செய்திக்காகக் காத்திருந்து அக்டோபரில் எடுக்க முடியாது. செப்டம்பர் தொடக்கத்தில் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்தே எடுக்க வேண்டும்.

2016 வேறு ஒரு பாடம். திறந்தது செப்டம்பர் 20. இரண்டு வாரம் கூட்டினால் அக்டோபர் 4. கணக்குப்படி மத்திய வயது ரகத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை மிக மோசமாகப் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. தேதிக் கணக்கு, தண்ணீர் இருந்தால் பயிருக்கு நேரம் போதுமா என்பதை மட்டும்தான் சொல்லும். தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்று அது சொல்லாது. அதனால் நீர்மட்டம் குறைவாக இருக்கும் வருஷத்தில் நாள் இருந்தாலும் நீண்ட வயது ரகத்துக்குப் போகாதீர்கள்.

நிலம் உள்ளவர்கள் ஒன்று செய்யுங்கள். நான் போட்ட "இரண்டு வாரம்" உங்கள் வாய்க்காலுக்குப் பொருந்துமா என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். மேட்டூர் திறந்த நாளையும் உங்கள் மதகில் தண்ணீர் ஏறிய நாளையும் நாலைந்து வருஷத்துக்குக் குறித்தால் போதும். திருநள்ளாறு பக்கம் ஒரு கணக்கு வரும், திருமலைராயன்பட்டினம் பக்கம் வேறு வரும். மூன்று வாரம் என்று வந்தால் மேலே சொன்ன தேதிகளில் எது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று நீங்களே போட்டுப் பார்த்துவிடுவீர்கள். வந்த விடையை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.