நீயும் நீங்களும்

சென்ற தை மாதத்தில் ஓர் இரவு, அறியாத எண்ணிலிருந்து என் கைப்பேசிக்குச் செய்தி ஒன்று வந்தது. 'வணக்கம். நல்லா இருக்கீங்களா? என்னை ஞாபகம் இருக்கா?' கீழே ஒரு பெயர். தஞ்சைப் பகுதியில் எங்கள் சிற்றூரின் தொடக்கப் பள்ளியில், ஐந்தாம் வகுப்பு வரை என்னருகில் அமர்ந்து படித்தவன். 35 ஆண்டுகளுக்குப் பிறகு என்னைத் தேடிப் பிடித்திருந்தான்.

மகிழ்ச்சியோடு விடை எழுதப் போன என் விரல், திரையின்மேல் தயங்கி நின்றது. 'இருக்கீங்களா' என்ற சொல் தடுத்தது. பள்ளியில் அவன் என்னை 'நீ' என்றுதான் அழைப்பான். கோபம் வந்தால் 'டேய்' என்பான். இப்போது நான் எப்படி எழுதுவது? 'எப்படி இருக்கே?' என்று எழுதினால், அவன் தந்த மரியாதையைப் பெற்றுக்கொண்டு, அவனுக்கு அதைத் திருப்பித் தராதவன் ஆவேன். 'எப்படி இருக்கீங்க?' என்று எழுதினால், நமக்குள் இடைவெளி உண்டு என்று ஒப்புக்கொண்டவன் ஆவேன்.

இத்தகைய நெருக்கடிக்குத் தமிழ் ஒரு வழி வைத்திருக்கிறது. நான் இப்படி எழுதினேன்: 'மறக்க முடியுமா? இப்போ எந்த ஊர்ல வாசம்? வேலையெல்லாம் எப்படிப் போகுது?' இவற்றில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. வினை முடிபு வேலையைச் சார்ந்து நிற்கிறதே ஒழிய, கேட்கப்படுபவரைச் சார்ந்து நிற்கவில்லை. 'சாப்பிட்டாயா', 'சாப்பிட்டீர்களா' என்று கேட்கத் தயங்கும் இடத்தில் 'சாப்பாடு ஆச்சா?' என்று கேட்கிறோம் அல்லவா, அதே உத்திதான். புதிதாக மணமாகி வந்த பெண், கணவனின் தம்பியிடம் முதல் சில நாள்கள் இப்படித்தான் பேசுவாள்.

அவனும் அவ்வழியையே பற்றிக்கொண்டான். 'திருப்பூர்ல. பனியன் கம்பெனி. அங்க எப்படி, மழை உண்டா?' இருபுறமும் வயலிருக்க, எதிலும் கால் வைக்காமல் வரப்பின்மேல் நடப்பவர்களைப் போல இருவரும் பத்துப் பதினைந்து செய்திகளைக் கடந்தோம். இடையில் 'உங்க அம்மா எப்படி இருக்காங்க?' என்று கேட்டேன். இந்த 'உங்க' எதையும் காட்டிக்கொடுக்காது. நெருங்கிய தோழனிடமும் நாம் 'உங்க அம்மா', 'உங்க ஊர்' என்றே சொல்வோம். வீடும் ஊரும் உறவும் ஒருவருக்கு மட்டும் உரியவை அல்ல என்பதால் அங்கே வரும் பன்மை இயல்பான பன்மை. 'உன் பேனா', 'உனக்கு' என வரும்போதும், வினையின் ஈற்றிலும்தான் நாம் பிடிபடுவோம்.

'அம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு' என்று பதில் வந்தது.

எனக்கு அந்த அம்மாவின் கை தெரியும். தூக்குவாளியிலிருந்து பழைய சோற்றைப் பிழிந்து அவனுக்கும் எனக்கும் சேர்த்துத் தந்த கை. எண்ணிப் பார்க்காமல் எழுதிவிட்டேன்: 'ஏன்டா எனக்குச் சொல்லல நீ?'

உடனே அவன் எழுதினான்: 'நீ எங்க இருக்கேன்னே தெரியலையேடா.'

எங்கள் 'நீ' திரும்பி வந்தது. புறநானூற்றுப் புலவர்கள் மன்னர்களையே ஒருமையில் விளித்திருக்கிறார்கள். பக்தர்கள் இறைவனிடம் 'நீ' என்று முறையிடுகிறார்கள். அச்சொல்லுக்குள் தாழ்வு பிறப்பிலேயே இருந்ததில்லை. ஒருவரையே பன்மையால் சுட்டும் பழக்கத்தைக் கண்ட தொல்காப்பியர், அது வழக்கினால் வந்த உயர்சொல், இலக்கண நெறிப்பட்டது அன்று என்று சொல்லதிகாரத்தில் வரையறுத்தார். வழக்கு வலுத்துக்கொண்டே வந்தது. பன்மையாக இருந்த 'நீர்' ஒருவருக்குரிய மரியாதைச் சொல் ஆயிற்று. யாழ்ப்பாணத் தமிழில் அது இன்றும் நீக்கும் நீங்களுக்கும் நடுவே நிற்கிறது. நம் பக்கத்தில் 'நீங்கள்' என்ற ஒரே சொல் இரு வேலைகளைச் சுமக்கிறது. பலரையும் குறிக்கும், மதிப்புக்குரிய ஒருவரையும் குறிக்கும்.

அச்சுமையின் கனத்தை அன்றிரவே அறிந்தேன். 'அப்பா எப்படி இருக்கார்?' என்று கேட்டிருந்தேன். அவன் எழுதினான்: 'இருக்கார். அப்பல்லாம் அவரைப் பேர் சொல்லித்தானே கூப்பிடுவீங்க.'

அதற்குமேல் செய்தி வரவில்லை. 'கூப்பிடுவீங்க' என்பதைப் பலமுறை படித்தேன். என் வீட்டார் எல்லாரையும் சேர்த்துச் சொல்கிறானா, அல்லது என்னை மட்டும் மீண்டும் 'நீங்கள்' ஆக்கித் தள்ளி நிறுத்திவிட்டானா? நேரில் பேசியிருந்தால் குரல் காட்டியிருக்கும், கண் காட்டியிருக்கும். திரையில் எழுத்து மட்டுமே இருந்தது. அடுத்து ஒரு வினைச்சொல் வந்தால்தான் தெளிவாகும், அது வரவில்லை.

அவன் அப்பா எங்கள் பண்ணையில் வேலை செய்தவர். ஏழு வயதில் நான் திண்ணையில் நின்றுகொண்டு, நாற்பது வயதான அவரைப் பெயர் சொல்லி அழைத்து, 'நீ போய் இளநீ பறிச்சுப் போடு' என்பேன். 'சரிங்க சின்னய்யா' என்பார். இருவர் ஒருவரையொருவர் 'நீ' என்றால் அது நட்பு. இருவரும் 'நீங்கள்' என்றால் அது மரியாதை. ஒருவர் 'நீ' என்றும் மற்றவர் 'நீங்கள்' என்றும் சொன்னால், அவர்களுள் யார் மூத்தவர் என்று பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் வயது அதைத் தீர்மானிக்கவில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பள்ளியில் 'டேய்' என்ற அவன், தன் தந்தையோடு எங்கள் வாசலுக்கு வரும்போது என்னிடம் 'பந்து வேணுமா?', 'விளையாட நேரம் ஆச்சா?' என்று மட்டுமே பேசுவான். அங்கே அவன் வாயிலிருந்து 'நீ' வந்ததே இல்லை. 'நீங்க' என்று சொல்லவும் அவனுக்கு மனம் வந்திருக்காது. அன்றிரவு நான் ஓர் உத்தி என்று எண்ணிக் கையாண்டதை, அவன் எட்டு வயதிலேயே எங்கள் வாசலில் கற்றிருக்கிறான்.

'நான் அப்படிக் கூப்பிட்டது தப்புடா' என்று எழுதினேன்.

நெடுநேரம் கழித்துப் பதில் வந்தது: 'உன்னைச் சொல்லலடா. உங்க வீட்டையே சொன்னேன்.'

அது பன்மைதான். ஆனால் அந்த வீட்டில் நானும் ஒருவன். அதை எழுதலாமா என்று நான் யோசிக்கும்போதே அடுத்த செய்தி வந்தது: 'அப்பா முழிச்சுத்தான் இருக்கார். பேசுறியா?'

அழைத்தேன். அவன் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு, யார் பேசுகிறார் என்று காதருகே உரக்கச் சொல்வது கேட்டது. பிறகு தளர்ந்த ஒரு குரல். சின்னய்யா என்றும் அழைக்கவில்லை, தம்பி என்றும் அழைக்கவில்லை.

"சாப்பாடு ஆச்சா?" என்றார்.

"ஆச்சுங்கய்யா. நீங்க சாப்பிட்டீங்களா?" என்றேன்.

மறுமுனையில் சற்று நேரம் ஒலியே இல்லை.

"இனிமேத்தான்" என்றார்.